நொடிக்கு 178 மீட்டர் பாக்கி

2013 நவம்பர் 16ஆம் தேதி, நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி அளவில் மங்கள்யானின் இயந்திரம் நான்கு நிமிடம் எரிந்து அணைந்தது. அதன்பின் விண்கலத்தின் பாதை பூமியிலிருந்து 1,92,874 கிலோமீட்டர் உயரம் வரை நீண்டது. நிலவுக்குப் போகும் வழியில் இது சரிபாதி. அவ்வளவு உயரம் ஏறிய கலம் அங்கேயே போய்விடவில்லை. உச்சிக்குப் போகப் போக வேகம் குறைந்து, நொடிக்கு 360 மீட்டர் அளவுக்கு இறங்கி, மறுபடியும் பூமியை நோக்கி விழத் தொடங்கியது. கீழே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் உயரத்துக்கு வந்து சேர்ந்தபோது அதன் வேகம் நொடிக்கு 10.79 கிலோமீட்டர். அந்த உயரத்தில் பூமியின் பிடியிலிருந்து விடுபட 10.97 கிலோமீட்டர் வேகம் வேண்டும். குறைந்தது நொடிக்கு 178 மீட்டர்தான். அந்தச் சிறு குறை இருக்கும்வரை மங்கள்யான் எத்தனை ஆயிரம் சுற்று சுற்றினாலும் பூமியைச் சுற்றும் பொருளாகவே இருந்திருக்கும்.

பள்ளிப் பாடத்தில் வட்டப்பாதை, ஈர்ப்பு நிலையாற்றல், விடுபடு வேகம் என்று மூன்று தலைப்புகளாகப் படிப்பவை ஒரே கணக்கின் மூன்று பக்கங்கள். அது விளங்க மங்கள்யான் பூமியை விட்டுப் புறப்பட்ட அந்த இருபத்தைந்து நாட்களைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. கீழே வரும் உயரங்கள் இஸ்ரோ அறிவித்தவை. வேகங்களில் பலவும் அந்த உயரங்களிலிருந்து நான் போட்ட கணக்கு. பூமிக்கு மிக அருகில் வரும் இடத்தை 247 கிலோமீட்டர் உயரம் என்றே கடைசிவரை வைத்துக்கொண்டேன். கால்குலேட்டர் கையில் உள்ள எந்த மாணவரும் இவற்றைச் சரிபார்க்கலாம்.

முதலில் நிலையாற்றல். ஒரு பொருளை உயரத் தூக்கினால் mgh அளவு ஆற்றல் சேர்கிறது என்று ஒன்பதாம் வகுப்பிலேயே படிக்கிறோம். மாடிக்கும் மலைக்கும் அது போதும், ஏனென்றால் அந்த உயரங்களில் g மாறுவதில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். மங்கள்யான் ஏறிய உச்சியோ பூமியின் மையத்திலிருந்து 31 புவி ஆரங்கள் தள்ளி இருக்கிறது. அங்கே ஈர்ப்பு, தரையில் இருப்பதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறுவதற்கும் ஆகும் ஆற்றல் அதற்கு முந்தைய கிலோமீட்டருக்கு ஆனதைவிடக் குறைவு. இந்தக் குறைந்துகொண்டே போகும் துண்டுகளைக் கூட்டிக்கொண்டே போனால் கூட்டுத்தொகை எல்லையில்லாமல் வளர்வதில்லை, ஓர் அளவோடு நின்றுவிடுகிறது. ஒரு கிலோ எடையுள்ள பொருளுக்கு அந்த அளவு GM/R. இதில் M பூமியின் நிறை, R அதன் ஆரம்.

இந்த GM/R என்பது gR-க்குச் சமம். அதாவது, ஈர்ப்பு கொஞ்சமும் குறையாமல் இருப்பதாக வைத்துக்கொண்டு ஒரு கிலோவை ஒரே ஒரு புவி ஆரத்தின் உயரத்துக்குத் தூக்க எவ்வளவு ஆற்றல் ஆகுமோ, அவ்வளவுதான் அதை முடிவில்லாத் தொலைவுக்கு அனுப்பவும் ஆகும். மதிப்பு 62.5 மெகாஜூல். மின்கட்டண அட்டையில் வரும் யூனிட் கணக்கில் பதினேழு யூனிட்டுக்குச் சற்று மேல். ஒரு கிலோவைப் பூமியிலிருந்து என்றென்றைக்குமாக விடுவிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல் இவ்வளவுதான் என்பதை முதன்முதலில் கணக்கிட்டுப் பார்க்கும் எவருக்கும் வியப்பு வரும், வர வேண்டும். ராக்கெட் இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம், தான் எரிக்கப்போகும் எரிபொருளையும் அது தூக்கிக்கொண்டு போக வேண்டியிருப்பது.

இந்த ஆற்றலை எழுதும்போது இயற்பியலில் எதிர்க்குறி போடுகிறோம்: நிலையாற்றல் = −GM/r. மாணவர்கள் தடுமாறும் இடம் இது. ஆற்றல் எப்படிச் சுழிக்குக் கீழே போகும்? இதைக் கடன் என்று எண்ணிக்கொண்டால் தெளிவாகும். பூமியிலிருந்து முடிவில்லாத் தொலைவில், எந்தப் பிடியும் இல்லாமல் நிற்கும் பொருளுக்குக் கடன் இல்லை. பூமியை நெருங்க நெருங்கக் கடன் ஏறுகிறது. இயக்க ஆற்றல் கையிலிருக்கும் பணம். இரண்டையும் கூட்டினால் வருவது அந்தப் பொருளின் உண்மையான இருப்பு:

E = v²/2 − GM/r

(ஒரு கிலோவுக்கு.) இயந்திரம் எரியாதவரை, காற்றின் உராய்வு இல்லாதவரை, இந்த E மாறாது. கீழே விழும்போது கடன் ஏறுகிறது, கைப்பணமும் அதே அளவு ஏறுகிறது. மேலே போகும்போது இரண்டும் சேர்ந்து குறைகின்றன.

2013 நவம்பர் 5ஆம் தேதி பிற்பகல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி25 ராக்கெட் மங்கள்யானைக் கொண்டுபோய் விட்ட பாதையில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். அந்த நீள்வட்டம் பூமிக்கு அருகில் 247 கிலோமீட்டர், தொலைவில் 23,566 கிலோமீட்டர் உயரம் கொண்டது. அருகில் வரும்போது வேகம் நொடிக்கு 9.93 கிலோமீட்டர். கிலோவுக்குக் கைப்பணம் 49.3 மெகாஜூல், கடன் 60.2. இருப்பு −10.9. தொலைவில் போகும்போது வேகம் 2.2 கிலோமீட்டர்தான். கைப்பணம் 2.4, கடன் 13.3. இருப்பு அங்கும் −10.9. பாதையின் எந்த இடத்தில் நிறுத்திக் கேட்டாலும் இதே எண்தான் வரும்.

இருப்பு சுழிக்குக் கீழே இருப்பவர் திரும்பி வந்தாக வேண்டும். ஏனென்றால் கடன் முழுவதும் தீர்வதற்கு முன்பே கைப்பணம் தீர்ந்துவிடும். இருப்பு சரியாகச் சுழி என்றால், தொலைவு கூடக்கூட வேகம் குறைந்துகொண்டே போகும், ஆனால் எங்கேயும் நின்று திரும்பாது. E = 0 என்று போட்டால் வருவது

v = √(2GM/r)

இதுதான் விடுபடு வேகம். தரையில் நொடிக்கு 11.2 கிலோமீட்டர், 247 கிலோமீட்டர் உயரத்தில் 10.97. இதே உயரத்தில் வட்டமாகச் சுற்ற 7.76 கிலோமீட்டர் போதும். வட்டப்பாதைக்கான வேகத்தை √2-ஆல் பெருக்கினால் விடுபடு வேகம் வந்துவிடும் என்பது எந்த உயரத்துக்கும் எந்தக் கோளுக்கும் பொருந்தும். பொருளின் நிறை சூத்திரத்தில் இல்லை. திசையும் இல்லை: நேர் மேலே எறிந்தாலும் பக்கவாட்டில் எறிந்தாலும், பூமியில் மோதாமல் போனால் சரி.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே விலக்கிவிட வேண்டும். ராக்கெட் தரையிலிருந்து 11.2 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பியாக வேண்டும் என்று பல கேள்வித்தாள்களின் நடையே நம்ப வைக்கிறது. இயந்திரம் எரிந்துகொண்டிருக்கும் வரை எந்த வேகத்திலும் ஏறலாம். இயந்திரத்தை அணைத்துவிட்டு, இனி உதவி எதுவும் கிடைக்காது என்ற நிலையில், அந்த இடத்தில் என்ன வேகம் இருக்க வேண்டும் என்பதுதான் விடுபடு வேகத்தின் கேள்வி. இடம் மாறினால் விடையும் மாறும்.

இனி அந்த நீள்வட்டம் எப்படி வளர்ந்தது என்று பார்ப்போம். நவம்பர் 7 முதல் 16 வரை பெங்களூரிலிருந்து கட்டளை அனுப்பி இயந்திரத்தை அவ்வப்போது எரித்தார்கள். முதல் எரிப்பில் உச்சி 28,825 கிலோமீட்டர் ஆனது. அடுத்தது 40,186, அதற்கடுத்தது சுமார் 71,600. இடையில் ஒரு தடங்கல். பின்பு 1,18,642, கடைசியில் 1,92,874. முதல் எரிப்பில் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 138 மீட்டர் கூடியது, உச்சி ஐயாயிரம் கிலோமீட்டர் உயர்ந்தது. கடைசி எரிப்பில் வேகம் கூடியது 102 மீட்டர்தான், உச்சி உயர்ந்ததோ எழுபத்து நான்காயிரம் கிலோமீட்டர்!

இயந்திரம் கடைசியில் மேலும் நன்றாக வேலை செய்ததால் வந்ததல்ல இது. நீள்வட்டத்தின் முழு நீளத்துக்கும் ஆற்றல் இருப்புக்கும் நேரடியான உறவு ஒன்று உண்டு: நீளம் = GM/|E|. இருப்பின் அளவு பாதியானால் பாதையின் நீளம் இருமடங்கு. முதல் எரிப்பு இருப்பை −10.9-இலிருந்து −9.5-க்குக் கொண்டுவந்தது. கடைசி எரிப்பு −3.0-இலிருந்து −1.9-க்கு. கூடிய ஆற்றல் ஏறக்குறைய ஒன்றுதான். பத்துக்கும் ஒன்பதுக்கும் இடையே உள்ள வேறுபாடு நீளத்தில் பெரிதாகத் தெரிவதில்லை. மூன்று இரண்டாகும்போது நீளம் ஒன்றரை மடங்காகிறது. சுழியை நெருங்க நெருங்க இந்த வளர்ச்சி கட்டுக்கு அடங்காமல் போகிறது. சுழியைத் தொட்டால் நீள்வட்டம் மூடுவதே இல்லை. விடுபடு வேகத்துக்கு முன்னும் பின்னும் இயற்கையில் எந்தச் சுவரும் கிடையாது. சுற்றுப்பாதை நீண்டு நீண்டு, ஒரு கட்டத்தில் திரும்பி வரும் முனை இல்லாமல் போகிறது, அவ்வளவுதான்.

இதனால் துல்லியத்தின் விலையும் மாறுகிறது. முதல் நீள்வட்டத்தில் அருகுப்புள்ளியில் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் பிசகினால் உச்சி 33 கிலோமீட்டர் தவறும். கடைசி நீள்வட்டத்தில் அதே ஒரு மீட்டர் பிசகு உச்சியை 1,150 கிலோமீட்டர் தள்ளிவிடும்.

தடங்கல் என்று சொன்னது நவம்பர் 11 அதிகாலை நடந்தது. நான்காவது எரிப்பில் வேகத்தை நொடிக்கு 130 மீட்டர் கூட்டி உச்சியை ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு உயர்த்துவது திட்டம். இயந்திரத்துக்குள் எரிபொருள் பாய்வதைக் கட்டுப்படுத்தும் வால்வில் முதன்மைச் சுருள் ஒன்று, அது பழுதானால் கைகொடுக்க மாற்றுச் சுருள் ஒன்று என இரண்டு மின்சுருள்கள் உண்டு. செவ்வாய்க்குப் போன பிறகு எது எப்போது தேவைப்படும் என்று தெரியாது, அதனால் பூமிக்கு அருகில் இருக்கும்போதே எல்லா வழிகளையும் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு சுருள்களுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் கொடுத்தபோது எரிபொருள் ஓட்டம் நின்றுவிட்டது. கலத்திலிருந்த தானியங்கி ஏற்பாடு உடனே சிறிய உந்திகளை இயக்கி எரிப்பைத் தொடர்ந்தது. ஆனாலும் கிடைத்தது 35 மீட்டர்தான். உச்சி 78,276 கிலோமீட்டரில் நின்றது.

வேகம் குறைந்துவிட்டது என்பதைத் தரையிலிருப்பவர்கள் அறிவது வானொலி அலையால். கலம் அனுப்பும் அலையின் அதிர்வெண், கலம் நெருங்கும்போது சற்றுக் கூடியும் விலகும்போது சற்றுக் குறைந்தும் கேட்கும். டாப்ளர் விளைவு என்று பாடத்தில் வருவது இதுதான். அந்த மாற்றத்தையும் சமிக்ஞை போய்வர ஆகும் நேரத்தையும் வைத்துப் புதிய நீள்வட்டத்தைக் கணக்கிடுவார்கள். குறை தெரிந்த மறுநாளே, நவம்பர் 12 காலையில், திட்டத்தில் இல்லாத ஓர் எரிப்பைச் சேர்த்து 124.9 மீட்டர் வேகத்தை ஈடுசெய்தார்கள். சுருள்கள் தனித்தனியே நன்றாக வேலை செய்தன. இரண்டையும் ஒன்றாக இயக்கும் வழி மட்டும் கைவிடப்பட்டது. எதிர்பார்த்த 130-க்குப் பதில் 35 என்ற செய்தி அப்போது தோல்வி போலப் பரவியது. சோதிக்கத்தான் சோதித்தார்கள், குறை பூமிக்கு அருகிலேயே வெளிப்பட்டது என்பதால் அதை நான் நல்ல பொறியியல் என்றே சொல்வேன்.

எல்லா எரிப்புகளையும் கலம் பூமிக்கு மிக அருகில் வரும்போதே செய்தார்கள். ஈர்ப்பு குறைவாக உள்ள உச்சியில் தள்ளினால் எளிதாக இருக்குமே என்று தோன்றலாம். கணக்கு வேறு சொல்கிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நொடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு கிலோவுக்கு இன்னும் ஒரு மீட்டர் வேகம் சேர்த்தால் 10,000 ஜூல் கூடுகிறது. 2.2 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதே ஒரு மீட்டரைச் சேர்த்தால் 2,200 ஜூல்தான். எரிபொருள் இரண்டிலும் ஒன்றே. ஆற்றல் வேண்டுமானால் வேகமாகப் போகும் இடத்தில்தான் தள்ள வேண்டும். நீள்வட்டத்தில் அந்த இடம் பூமிக்கு அருகில் இருக்கிறது.

அப்படியானால் ஒரே முறையில் எரித்து முடித்திருக்கலாமே? இயந்திரத்தின் உந்துவிசை 440 நியூட்டன். புறப்படும்போது கலத்தின் நிறை 1,337 கிலோ. இது தரும் முடுக்கம் g-யில் முப்பதில் ஒரு பங்கு. தேவையான வேகம் முழுவதையும் ஒரே முறையில் கூட்ட இயந்திரம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் எரிய வேண்டும். அதற்குள் கலம் அருகுப்புள்ளியைக் கடந்து வெகுதூரம் ஏறி, வேகம் இழந்துவிடும். பிந்தி எரியும் எரிபொருள் பெரும்பாலும் வீணாகும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் அருகுப்புள்ளியை ஒட்டிச் சில நிமிடங்கள் எரிப்பதும், ஒரு சுற்றுப் போய்வரக் காத்திருப்பதுமாக நாட்கள் கழிந்தன. காத்திருப்பும் நீண்டுகொண்டே போனது: முதல் நீள்வட்டத்தைச் சுற்ற ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, கடைசியைச் சுற்ற மூன்று நாள் பத்தொன்பது மணி நேரம்.

2013 டிசம்பர் 1, நள்ளிரவு தாண்டி 49 நிமிடம். இயந்திரம் 22 நிமிடங்களுக்கும் சற்று மேலாக எரிந்து வேகத்தை நொடிக்கு 648 மீட்டர் கூட்டியது. விடுபட வேண்டியது 178 மீட்டர்தானே, மீதி எதற்கு என்றால், வெறுமனே விடுபட்டுப் பயனில்லை. இருப்பு சுழியான கலம் பூமியை விட்டுப் பிரியுமே தவிர, பூமியோடு சேர்ந்து சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும். செவ்வாயின் சுற்றுப்பாதையைத் தொட, பூமியின் பிடியைத் தாண்டிய பிறகும் பூமியைவிட நொடிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் கூடுதல் வேகம் மிஞ்சியிருக்க வேண்டும்.

3 கிலோமீட்டர் மிஞ்ச வேண்டுமானால் பூமிக்கு அருகில் எவ்வளவு கூட்ட வேண்டும்? பலரும் 10.97 + 3 என்று கூட்டி 13.97 என்பார்கள். கூட்ட வேண்டியவை வேகங்கள் அல்ல, ஆற்றல்கள். கடனை அடைக்கத் தேவையான v²/2 ஒரு புறம், கடைசியில் மிஞ்ச வேண்டிய v²/2 மறுபுறம். ஆக வேண்டிய வேகம் √(10.97² + 3²), அதாவது 11.37 கிலோமீட்டர். விடுபடு வேகத்துக்கு மேல் வெறும் 400 மீட்டர்! பூமிக்கு அருகில் போட்ட 400 மீட்டர், தொலைவில் 3,000 மீட்டராக நிற்கிறது. முதலில் விடுபட்டுவிட்டு, வெளியே போய்ச் சாவகாசமாக எரித்திருந்தால் அந்த 3,000 மீட்டரையும் முழுதாக இயந்திரமே தந்திருக்க வேண்டும். 852 கிலோ எரிபொருளோடு கிளம்பிய கலத்தால் அதன்பின் செவ்வாயில் நிற்க முடிந்திருக்காது. ஹெர்மன் ஓபர்த் பெயரால் ஓபர்த் விளைவு என்று சொல்லப்படுவது இதுவே. மேலே எழுதிய ஆற்றல் சூத்திரத்துக்கு வெளியே இதில் புதிதாக எதுவும் இல்லை.

178-உம் 400-உம் சேர்ந்தால் 580 மீட்டர் வருகிறது, உண்மையில் ஆனது 648. எரிப்பு ஒரே கணத்தில் முடிவதாக என் கணக்கு எடுத்துக்கொள்கிறது. அந்த 22 நிமிடத்தில் கலம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் போயிருக்கும். அருகுப்புள்ளிக்கு வெளியே எரிந்த பகுதிக்கு முழுப் பலன் கிடைக்காது. செவ்வாயின் அன்றைய இடத்தைப் பொறுத்து அந்த 3 என்ற எண்ணும் சற்று மாறும். கையால் போடும் கணக்கு இவ்வளவு நெருங்கி வருவதே எனக்குப் பெரிய நிறைவு.

டிசம்பர் 4ஆம் தேதி மங்கள்யான் 9.25 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. அதற்கப்பால் பூமியின் ஈர்ப்பைவிடச் சூரியனின் ஈர்ப்பை முதன்மையாக வைத்துக் கணக்குப் போடுவார்கள். பூமியின் ஈர்ப்பு அங்கே முடிந்துவிடுவதில்லை, எங்கேயும் முடிவதில்லை. பூமியிடம் கடன் தீர்ந்த கலம் சூரியனிடம் இன்னும் பெருங்கடன் வைத்திருந்தது. பூமியின் தொலைவிலிருந்து சூரியனை விட்டு விடுபட நொடிக்கு 42 கிலோமீட்டர் வேகம் வேண்டும். மங்கள்யானுக்கு இருந்தது ஏறத்தாழ 33.

பத்து மாதம் கழித்துச் செவ்வாயில் இதே கணக்கு தலைகீழாக வந்தது. வெளியிலிருந்து வரும் கலத்தின் இருப்பு சுழிக்கு மேல். எதுவும் செய்யாவிட்டால் அது செவ்வாயை ஒட்டிப் பறந்து மறுபடியும் வெளியே போய்விடும். இருப்பைச் சுழிக்குக் கீழே இறக்கினால்தான் கோள் அதைப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் சிறந்த இடம் கோளுக்கு மிக அருகில்தான். ஏறத்தாழ 300 நாள் எரியாமல் கிடந்த இயந்திரத்தை 2014 செப்டம்பர் 22 அன்று நான்கு நொடி எரித்துச் சோதித்தார்கள். 24ஆம் தேதி காலை அது எட்டுச் சிறிய உந்திகளோடு சேர்ந்து 23 நிமிடம் எரிந்து, வேகத்தை நொடிக்கு 1,099 மீட்டர் குறைத்தது. கிடைத்த நீள்வட்டம் 422 கிலோமீட்டருக்கு 76,994 கிலோமீட்டர்.

செவ்வாய்க்கு அருகில் அந்த உயரத்தில் விடுபடு வேகம் 4.74 கிலோமீட்டர், மங்கள்யானின் வேகம் 4.63. குறைத்த 1,099 மீட்டரில் கடைசி நூற்றுப் பத்து மீட்டரும் கிடைக்காமல் போயிருந்தால் கலம் செவ்வாயோடு நின்றிருக்காது. அந்த உயரத்திலேயே வட்டமாகச் சுற்ற வேண்டுமானால் இன்னும் 1.28 கிலோமீட்டர் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். மிஞ்சிய எரிபொருள் அதற்குப் போதாது. அதனால் மங்கள்யான் மூன்று நாளுக்கு ஒருமுறை அருகில் வந்து, மற்ற நேரமெல்லாம் செவ்வாயின் முழு வட்டத்தையும் ஒரே படத்தில் எடுக்கக்கூடிய தொலைவில் சுற்றியது.